மாதக் கடைசியில் மட்டும் ஏன் இந்த ராத்திரி வேலை?

மாதம் முடிந்தால் போதும், கணக்குப் பிரிவில் விளக்கு அணைவதில்லை. இரவு பத்து மணி வரை வேலை. "மாதக் கணக்கு முடிப்பு என்றால் அப்படித்தான்" என்கிறார் மானேஜர். அப்படி இருக்கவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

எந்த நாளில் வேலை கூடும் என்பது ரகசியம் அல்ல. கடந்த ஆறு மாதத்தில் தினமும் எத்தனை பில் பதிவாயிற்று என்று எண்ணினால் தெரிந்துவிடும். பில்லில் உள்ள தேதியைப் பார்க்கக்கூடாது. அது கணினியில் ஏறிய நாளைப் பார்க்கவேண்டும். ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதி என்றும் எண்ணக்கூடாது. ஒன்றாம் தேதி ஞாயிறாக இருந்தால் கணக்கு புரண்டுவிடும். மாதத்தின் முதல் வேலை நாள், இரண்டாம் வேலை நாள் என்றே எண்ணவேண்டும்.

ஒரு கணக்கு

நாலு குமாஸ்தாக்கள் உள்ள ஒரு ஜவுளி மொத்தக் கடையை வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் சாப்பாடு, டீ, டெலிபோன் போக, ஆளுக்கு 6 மணி நேரமே உண்மையான வேலை. ஆக ஒரு நாளைக்கு 24 மணி.

முதல் வேலை நாளில் வழக்கமாக 240 பில். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 20 மணி. பாங்குக் கணக்கை ஒப்பிடவும் பாக்கிகளைச் சரிபார்க்கவும் 10 மணி. மொத்தம் 30. ஆறு மணி குறைகிறது. மறுநாளும் அதே நிலை. ஆளுக்கு ஒன்றரை மணி வீதம் இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் முடிந்துவிடும். அந்த 3 மணியைத் திருப்பித் தரவேண்டாமா? ஜி.எஸ்.டி.க்கு 11, 20 தேதிகள் நெருக்கடியானவை. 21-க்குப் பிறகு வேலை 16 மணிக்கு இறங்குகிறது. அப்போது தினம் ஒருவர் 3 மணி முன்னதாக வீட்டுக்குப் போகலாம்.

ஏப்ரலை மட்டும் இந்தச் சராசரியில் சேர்க்கக்கூடாது. அது ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். சென்ற ஆண்டு ஏப்ரலோடுதான் அதை ஒப்பிடவேண்டும்.

நோய் வேறு, மருந்து வேறு

இவ்வளவு செய்தும் ராத்திரி வேலை தீரவில்லையா? மத்தியானம் போய்ப் பாருங்கள். குமாஸ்தாக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், குறை நேரத்தில் இல்லை, காகிதம் வரவில்லை. கிடங்கின் சரக்கிருப்புப் பட்டியல் மாலை ஆறு மணிக்கு வந்தால், எட்டு ஆட்களைப் போட்டாலும் கணக்கு ராத்திரிதான் முடியும். பட்டியலும் செலவுச் சீட்டுகளும் முதல் வேலை நாள் காலையிலேயே வந்தாகவேண்டும் என்று முதலாளி உத்தரவு போடவேண்டும். அந்த உத்தரவைக் குமாஸ்தா போட முடியாது.

பில்லை எண்ணுகிறவர்கள், ஆள் விழித்திருக்கும் மணியையும் எண்ணட்டும்!