வேலைக் கடிதம் மூன்று: முதலாளியைக் கட்டுவது எது?

கோட்டாறிலும் வடசேரியிலும் மளிகைக் கடை நடத்துகிற நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போகிறார்கள். "பையனுக்கு ஆர்டர் வந்துவிட்டது" என்று இனிப்பு கொடுக்கிறோம். வந்தது எந்தக் கடிதம் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. ஆபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஜாயினிங் லெட்டர் என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் பலன் வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் அறிவேன். வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் வியாபாரக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஆபர் லெட்டர் என்பது விலை சொல்லி அனுப்புகிற கொட்டேஷன் போன்றது. "இந்தச் சம்பளத்தில், இந்த நிபந்தனைகளின்படி உங்களை எடுத்துக்கொள்ளத் தயார்" என்று முதலாளி கேட்கிறார். கொட்டேஷன் அனுப்பியதாலேயே வியாபாரம் முடிந்துவிடாது. வாங்குகிறவர் "சரி, சரக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 5-ஆம் பிரிவில் சொல்வதும் இதுதான். மறுபக்கத்தின் ஒப்புதல் முறைப்படி புறப்படும்வரை, கொடுத்த சொல்லைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு முடியாது. "11-ஆம் தேதி வரை செல்லும்" என்று கடிதத்தில் போட்டிருந்தாலும், பையன் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் 9-ஆம் தேதியே "வேண்டாம்" என்று கம்பெனி எழுதிவிட்டால் பெரும்பாலும் கேட்க வழியில்லை.

ஒப்புதல் எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதற்கு நம்மைப் போன்ற வியாபாரிகளின் வழக்கு ஒன்றே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1959-இல் அகமதாபாத் வியாபாரிக்கும் காம்காவ் வியாபாரிக்கும் இடையே பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு பேரம் தொலைபேசியில் முடிந்தது. பிறகு சரக்கு வரவில்லை. ஒப்பந்தம் எந்த ஊரில் ஏற்பட்டது என்று சண்டை. 1965-இல் தீர்ப்பு வந்தது. தபாலில் ஒப்புதல் அனுப்பினால், பெட்டியில் போட்டவுடனேயே எதிர்த்தரப்பைக் கட்டும். தொலைபேசியில் என்றால், சொன்னது எதிர்த்தரப்பின் காதில் விழுந்த இடத்தில்தான் ஒப்பந்தம் ஏற்படுகிறது. இன்றைய மின்னஞ்சலுக்கு, அது அவர்கள் கணினிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வதே பத்திரம். ஆகையால் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பதிலைக் கெடுவுக்குள் அனுப்புவதோடு, "கிடைத்தது" என்று அவர்களிடமிருந்து ஒரு வரி வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று. "ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 1-ஆம் தேதிக்குப் பதில் 15-ஆம் தேதி வருகிறேன்" என்று எழுதினால் அது ஒப்புதல் ஆகாது. சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஒப்புதல் எந்த மாற்றமும் இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. மாற்றம் கேட்டால் நாம் புதிதாக ஒரு விலை சொன்னது போலாகிவிடும். பழைய கொட்டேஷன் அத்தோடு போயிற்று. தேதி மாற்ற வேண்டுமானால் முதலில் பேசி, மாற்றிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு மறுபேச்சில்லாமல் ஒப்புதல் எழுதுவதே முறை.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் என்கிற நியமன ஆணை அடுத்த படி. பதவி, சம்பளம், பயிற்சிக் காலம், எந்தப் பக்கம் விலகினாலும் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்த ஊரில் வேலை என்று எல்லா நிபந்தனைகளும் அதில் இருக்கும். இரண்டு தரப்பும் கையெழுத்திட்டால் அது முழு ஒப்பந்தம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே ஆபர் லெட்டர் என்று போட்டிருந்தாலும், நிபந்தனைகள் முழுவதும் எழுதி, பையன் ஒப்புக்கொண்டு, வேறு எதுவும் பாக்கி இல்லை என்றால் அதுவே முதலாளியைக் கட்டும். நியமன ஆணை என்று தலைப்பிட்டிருந்தாலும் "சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தால்", "தேர்வில் தேறினால்" என்று உள்ளே இருந்தால், அது முடிகிறவரை அரைக் கட்டுதான்.

ஜாயினிங் லெட்டரோ இரண்டு வகை. "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன சான்றிதழ்களோடு வாருங்கள்" என்று கம்பெனி அனுப்புவது ஒன்று. "இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்" என்று பையன் எழுதிக்கொடுப்பது மற்றொன்று. இது சரக்கு இறங்கியதற்குக் கொடுக்கிற ரசீது போன்றது. இதனால் புதிதாக ஒப்பந்தம் ஏற்படுவதில்லை. ஏற்கெனவே ஏற்பட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த தேதியைக் காட்டுகிறது. சம்பளமும் சேமநல நிதியும் சர்வீஸ் கணக்கும் அந்தத் தேதியிலிருந்து ஓடும். அந்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனை வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எல் அண்டு டி இன்போடெக் நிறுவனம் தேர்ந்தெடுத்த சுமார் 1500 பேர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2016-இல், சேர்வதற்கு முன் ஒரு தேர்வு வைத்து, வேலை இல்லை என்று தெரிவிக்கப்பட்டது. சென்னை அலுவலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். இன்போசிஸ் நிறுவனத்தில் 2022-இல் கடிதம் பெற்ற ஏறக்குறைய 2000 பேர் சேரும் தேதி இல்லாமல் இரண்டு ஆண்டு இருந்தார்கள். தொழிலாளர் அமைச்சகத்துக்கு 2024-இல் புகார் போனது. பிறகு அக்டோபரில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களிலும் சிலர், பயிற்சித் தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. தேர்வு நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று நிறுவனம் பதில் சொன்னது. சேர்ந்த பிறகும் அந்த ஒரு வரிதான் பேசியது.

சரி, கட்டுப்பட்ட முதலாளி வார்த்தை தவறினால் என்ன கிடைக்கும்? வேலை கிடைக்காது, பணம்தான் கிடைக்கும். தனிமனித உழைப்பு சம்பந்தமான ஒப்பந்தத்தில், "இவரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும்" என்று தனியார் முதலாளியை நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுப்படி நஷ்டஈடு கேட்கலாம். அதற்கும் அளவு உண்டு. எஸ்.எஸ். ஷெட்டி வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒரு மாத முன்னறிவிப்பில் நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நஷ்டஈடும் அந்த ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டியே இருக்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வியாபாரியின் மகன் விஷயத்தைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் 32,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தார். சென்னைக் கம்பெனி ஒன்று 45,000 ரூபாய்க்கு மார்ச் 4 தேதியிட்ட ஆபர் லெட்டர் அனுப்பியது. ஏப்ரல் 15-இல் சேர வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு முடிய வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு. 6-ஆம் தேதி மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார். மறுநாளே பழைய வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சரிபார்ப்பு முடிந்தது என்று 20-ஆம் தேதி பதில் வந்தது. ஏப்ரல் 6-இல் பழைய இடத்திலிருந்து விடுவித்தார்கள். 10-ஆம் தேதி, "பணியிடம் ரத்து" என்று சென்னையிலிருந்து ஒரு வரி வந்தது.

வக்கீல் முதலில் பார்த்தது தேதிகளைத்தான். மார்ச் 6-இல் ஒப்புதல் போய்விட்டது. 20-ஆம் தேதியோடு நிபந்தனையும் தீர்ந்தது. ஆகவே ஏப்ரல் 10-இல் அனுப்பிய ரத்து காலம் கடந்தது, கம்பெனி கட்டுப்பட்டதுதான். அந்த 20-ஆம் தேதி மின்னஞ்சல் கையில் இல்லாதிருந்தால் "சரிபார்ப்பு முடியவில்லை" என்று தப்பியிருப்பார்கள். நோட்டீஸ் போனதும் ஒரு மாதச் சம்பளம் 45,000 கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். பையனுக்கு வேறு வேலை கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. பழைய சம்பளக் கணக்கில் பார்த்தாலும் மூன்று மாதத்துக்கு 96,000 ரூபாய். சட்டம் அவர் பக்கம் இருந்தும் 51,000 ரூபாய் கையை விட்டுப் போனது. இதிலே அவசரம் எங்கே என்றால் மார்ச் 7-ஆம் தேதியில். நிபந்தனை தீர்ந்த 20-ஆம் தேதிக்குப் பிறகு, நியமன ஆணையையும் கேட்டு வாங்கிவிட்டு ராஜினாமா கொடுத்திருக்கலாம். அதற்காகச் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டியிருந்தால், ஒப்புதல் எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

இதே சட்டம் நம்மையும் கட்டும். கணக்குப்பிள்ளைக்கோ சேல்ஸ்மேனுக்கோ "அடுத்த மாதம் வாருங்கள், இன்ன சம்பளம்" என்று எழுதிக்கொடுத்து, அவர் சரி என்று இருக்கிற வேலையை விட்டுவிட்டால், பிறகு கை விரிக்க முடியாது. சேர்ந்து ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41-ஆம் பிரிவுப்படி, தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனம் முறையான விசாரணையில் நிரூபணமானால் மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆறு மாதம் எப்போது முடிந்தது என்று சொல்லப்போவது அந்த ஜாயினிங் தேதிதான். மேலும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் நியமன ஆணை கொடுக்க வேண்டும் என்கிறது. வாய்ப்பேச்சில் ஆள் வைக்கிற பழக்கம் பெரிய கடைகளுக்கு இனி ஒத்துவராது.

ஆகவே உறுப்பினர்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே. கடிதத்தின் தலைப்பை விட்டுவிட்டு "முடிந்தால்", "தேறினால்" என்கிற வரிகளைத் தேடிப் படிக்கட்டும். அவை ஒவ்வொன்றும் தீர்ந்ததற்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். ஒப்புதல் அனுப்பிய தேதியும் அது கிடைத்ததற்கான பதிலும் கையில் இருக்கட்டும். அதன் பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதினால் போதும்.