டிம் போட்டாலும் கண் கூசுவது ஏன்? எல்.ஈ.டி. பல்பும் ஏ9 வீதியின் இரவும்

2020 இல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது வரும் ஜப்பானிய கார்கள் பலவற்றில் ஹை பீமைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. புது வாகனம் வாங்க வசதியில்லாதவர்களோ பழைய வாகனத்துக்கே எல்.ஈ.டி. பல்ப் பூட்டிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் இரவில் சந்திப்பது ஏ9 போன்ற வீதியில்தான். தெருவிளக்கே இல்லாத நீண்ட பகுதிகளில், சைக்கிளில் போகிறவரும் செயற்கைக் காலோடு கரையோரம் நடக்கிறவரும் கண் கூசி ஒதுங்கவேண்டியிருக்கிறது.

தானியங்கி ஹை பீம் இதைத் தீர்த்துவிடும் என்று நினைப்பது தவறு. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கமெரா எதிரே வரும் முன்விளக்கையோ முன்னே போகும் பின்விளக்கையோ கண்டால் ஹை பீமை டிம்முக்கு இறக்கும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த டிம் வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பல்பும், விளக்குக்குப் பின்னாலுள்ள ஒரு திருகாணியும்.

பழைய வான்களிலும் ஓட்டோக்களிலும் பரவலாக உள்ள எச்4 பல்பை எடுத்துக்கொள்வோம். ஹலஜன் பல்பில் டிம்முக்குரிய இழையின் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது ஒரு பாதி வெளிச்சத்தைத் தடுப்பதால்தான் சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்ற தெளிவான கோடு விழுகிறது. எல்.ஈ.டி. பல்பின் சில்லுகள் அந்த இழை இருந்த அதே இடத்தில், இடமும் வலமும் பார்த்து அமையவேண்டும். கழுத்து சற்றுத் திரும்பிப்போனாலும், சில்லு ஓரிரு மில்லிமீற்றர் முன்பின்னானாலும், கோடு கலைந்து வெளிச்சம் மேலே சிதறும். ஆகவே பல்பைக் கழற்றுமுன் ஹலஜன் கோடு சுவரில் எங்கே விழுகிறது என்று குறித்துவைப்பது நல்லது. கராஜ்களில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இதுதான்.

ஒழுங்குபடுத்த, சமதரையில் சுவரிலிருந்து விளக்கு 7.5 மீற்றர் தூரத்தில் இருக்கும்படி வாகனத்தை நிறுத்துங்கள். ரயர்களில் காற்றுச் சரியாக இருக்கட்டும். சாரதி இருக்கையில் ஒருவர் இருக்கட்டும். விளக்கின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிம் கோடு அதைவிட 7.5 சென்ரிமீற்றர் தாழ்ந்து, சுவரில் 57.5 சென்ரிமீற்றரில் விழவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவே பொதுவான அளவு. உங்கள் வாகனத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைத் திருத்துங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் கோட்டின் வலப்பாதி கிடையாகவும், இடப்பாதி வீதிக்கரையைக் காட்ட மேல்நோக்கியும் இருக்கும்.

அந்தச் சிறிய அளவுக்கு ஏன் இத்தனை கவனம்? 7.5 சென்ரிமீற்றர் தாழ்ந்த கோடு 50 மீற்றர் தூரத்தில் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கும். அதே கோடு 7.5 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டால், அதே 50 மீற்றரில் 115 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போகிறது. அது எதிரே வரும் கார் சாரதியின் கண் மட்டம். சுவரில் ஒரு சாண் அளவுகூட இல்லாத வித்தியாசம், வீதியில் ஒரு மீற்றர் ஆகிவிடுகிறது. பின்னால் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிய வானில் முன்பகுதி தூக்குவதாலும் இதே நிலை வரும். டாஷ்போட்டில் 0 முதல் சில இலக்கங்கள் கொண்ட சிறிய சுழலி இருந்தால், பாரம் ஏறியதும் அதைக் கூட்டவேண்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை.

கோடே தெரியாமல் வெளிச்சம் மங்கிப் பரவியிருந்தால், திருகாணியைத் திருகிப் பயனில்லை. தாழ்த்தினால் உங்கள் பார்வைத் தூரம்தான் குறையும், எதிரே வருபவரின் கூச்சம் முழுதாகப் போகாது. பல்பின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் கோடு வரவில்லையென்றால் அந்தப் பல்ப் அந்த விளக்குக்குப் பொருந்தவில்லை; கழற்றிவிட்டு ஹலஜனுக்கே திரும்புவதுதான் சரி. வெள்ளை வெளிச்சம் கண்ணெதிரே பளிச்சென்று தெரிவதால் தூரமும் தெரிவதாகத் தோன்றும், அவ்வளவே.

கமெராவின் எல்லையும் வன்னி வீதிகளில் கூடுதலாகத் தெரியும். அது விளக்குகளைத்தான் தேடுகிறது. விளக்கில்லாத சைக்கிள், பின்விளக்கு எரியாத லான்ட்மாஸ்டர் பெட்டி, நடந்துபோகும் ஆள் ஆகியோருக்காக அது ஹை பீமை இறக்காது. வளைவிலும் மேட்டிலும் எதிரே வருவது தாமதமாகவே அதற்குத் தெரியும். அந்த இடங்களில் சாரதியே டிம் போடவேண்டும்.