பொதுப் பிளக்கில் கார் கொழுவுறவைக்கு

வெள்ளவத்தையில 12 வீடுள்ள ஒரு தொடர்மாடி எண்டு வைச்சுக்கொள்ளுவம். லிப்ட்டும் தண்ணி மோட்டரும் ஓடுற பொது மீற்றரில் இருந்துதான் கீழே கார் நிப்பாட்டுற இடத்துப் பிளக்குக்கும் கரண்ட் வருகிறது. அதில ஒருவர் தன் மின்சாரக் காரைக் கொழுவுகிறார். 10 அம்பியரில் எட்டு மணித்தியாலம் ஏற்றினால் ஏறக்குறைய 18 யூனிட். பில்லைச் சமமாய்ப் பிரிக்கையில் அவர் கட்டுவது ஒன்றரை யூனிட்டுக்குத்தான். மிச்சத்தைக் கார் இல்லாத 11 வீடும் கட்டுது, பஸ்ஸில போற பென்சன்கார அம்மா உட்பட.

இதைக் கேட்டால், லோட் தாங்காது, காரே வேண்டாம் எண்டு நிர்வாகக் குழு தடை போடுது. அதையும் நாங்கள் ஏற்கவில்லை. வீட்டின் 30 அம்பியர் இணைப்பு, 32 அம்பியர் இழுக்கிற 7 கிலோவாட் சார்ஜரைத் தாங்காதுதான். ஆனால் 10 அம்பியர் ஒரு மின்கேத்தில் இழுக்கிற அளவு. கேத்தில் ஐந்து நிமிசம், கார் விடிய விடிய. அதனால பழைய வயரும் பிளக்கும் சூடேறும். கார்க்காரர் தன் சொந்த மீற்றரில இருந்து, தன் செலவில, தடித்த வயரும் தனி ட்ரிப் சுவிட்சும் போடட்டும். இரவு பத்துக்குப் பிறகு ஏற்றட்டும். குழு அதற்கு அனுமதி கொடுக்கட்டும். பொதுப் பிளக்கை இண்டைக்கே பூட்டுங்கோ.