பட்டாவில் 13, பத்திரத்தில் 32, தரகர் கணக்கில் 6… எது சரி?

''எங்கள் நிலத்தை ஒட்டியுள்ள காலி நிலத்தை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய கிரயப் பத்திரத்தில் 32 சென்ட் என்று இருக்கிறது. பட்டாவில் 0 - 13.0 என்று உள்ளது. தரகரோ நான்கு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, '6 கிரவுண்ட் வருகிறது, கிரவுண்ட் ஐந்தரை லட்சம்' என்கிறார். மொத்தம் 33 லட்சம். மூன்றில் எதை நம்பி முன்பணம் கொடுப்பது?''

- வாசகி, வேங்கிக்கால்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். பட்டாவில் உள்ள 13 என்பது 13 சென்ட் அல்ல. 'ஹெக்டேர் - ஏர்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் எண் அது. 0 ஹெக்டேர், 13 ஏர் என்று படிக்க வேண்டும். 'நிலம் 13 சென்ட்தான், பத்திரத்தில் கூட்டி எழுதிவிட்டார்கள்' என்று நல்ல நிலத்தை வேண்டாம் என்றவர்களும் உண்டு. 'பட்டாவில் 13தான் இருக்கிறது' என்று சொல்லி, விற்க வந்தவரிடம் விலையைக் குறைத்தவர்களும் உண்டு.

வேங்கிக்கால் பகுதிக்குத் தேவையான அளவுகள் இவ்வளவுதான்:

1 சென்ட் = 435.6 சதுர அடி
1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி = 5.51 சென்ட்
1 ஏக்கர் = 100 சென்ட் = 43,560 சதுர அடி = 18.15 கிரவுண்ட்
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 1,076.4 சதுர அடி = 2.47 சென்ட்
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.47 ஏக்கர்

435.6 என்ற விநோதமான எண், நில அளவைச் சங்கிலியிலிருந்து வந்தது. சர்வேயர் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். அந்தக் கண்ணியைத்தான் பழைய வரைபடங்களில் 'லிங்க்ஸ்' என்று குறித்திருப்பார்கள். ஒரு சங்கிலி நீளமும் அதில் பத்தில் ஒரு பங்கு அகலமும் (66 அடிக்கு 6.6 அடி) கொண்ட துண்டுதான் ஒரு சென்ட். கிரவுண்ட் வேறு வழியில் வந்தது. அது பழைய 'மனை' அளவு. 24 மனை சேர்ந்தது ஒரு காணி. அதனால்தான் பழைய பத்திரத்தில் 'ஒரு காணி' என்றிருந்தால் 1 ஏக்கர் 32 சென்ட் என்று கணக்கு வருகிறது. குழி என்ற அளவு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அந்தந்த ஊர் வழக்கத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது வாசகியின் நிலத்துக்கு வருவோம். 32 சென்ட்டை 2.47 ஆல் வகுத்தால் 12.95 ஏர். பட்டாவிலோ 13.0 என்று இருக்கிறது. 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர், சென்ட் கணக்குகளை மெட்ரிக் அளவுக்கு மாற்றி எழுதினார்கள். கிராமப்புற நிலங்களுக்குப் பரப்பைப் பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கியே எழுதியிருப்பார்கள். 12.95 என்பது 13.0 ஆனது இப்படித்தான். ஆகவே பத்திரமும் பட்டாவும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். பட்டாவில் 13.0 என்று முழுமையாக்கியிருந்தால், உண்மைப் பரப்பு 12.75 ஏரிலிருந்து 13.25 ஏருக்குள் இருக்க வேண்டும். சென்ட்டில் சொன்னால் 31.5-லிருந்து 32.7 வரை. தரகர் சொல்லும் 6 கிரவுண்ட் என்பது 33 சென்ட்டைத் தாண்டுகிறது. பட்டா இடம் கொடுக்கும் எல்லைக்கு வெளியே போய்விட்டது. வரப்பை யாராவது தள்ளிப் போட்டிருக்க வேண்டும், அல்லது அளந்த முறையில் கோளாறு இருக்க வேண்டும்.

கோளாறு அளந்த முறையில்தான். வாசகி அனுப்பிய அளவுகள்படி நான்கு பக்கங்களும் வரிசையாக 90, 120, 130, 140 அடி. தரகர் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கியிருக்கிறார். 90-ம் 130-ம் சேர்த்துப் பாதி 110. 120-ம் 140-ம் சேர்த்துப் பாதி 130. இரண்டையும் பெருக்கினால் 14,300 சதுர அடி. அதை 'கிட்டத்தட்ட 6 கிரவுண்ட்' என்று மேலே தள்ளிவிட்டார்.

இந்தச் சராசரி முறை நான்கு மூலையும் சரியான செங்கோணமாக உள்ள மனைக்கு மட்டுமே பொருந்தும். மூலை கோணலாக உள்ள நிலத்தில் அது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். ஒருநாளும் குறைத்துக் காட்டாது. விற்பவருக்கும் தரகருக்கும் இந்த முறை பிடித்திருப்பதில் ஆச்சர்யமில்லை.

சரியாக அளக்க இன்னும் ஒரே ஒரு அளவு போதும்: மூலைவிட்டம். 90 அடிப் பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப்பை இழுத்ததில் 150 அடி வந்ததாக வாசகியே குறித்திருக்கிறார். இப்போது நிலம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முதல் முக்கோணம் 90, 120, 150. மூன்றையும் கூட்டிப் பாதியாக்கினால் 180. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 90, 60, 30. 180 × 90 × 60 × 30 என்று பெருக்கி, கைப்பேசி கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால் 5,400 சதுர அடி. இரண்டாவது முக்கோணம் 130, 140, 150. கூட்டுத்தொகையில் பாதி 210. கழித்தால் 80, 70, 60. இதே முறையில் 8,400 சதுர அடி. மொத்தம் 13,800.

அதாவது 31.68 சென்ட், 5.75 கிரவுண்ட். பட்டா சோதனைக்குள் சரியாக அடங்குகிறது. கிரவுண்ட் ஐந்தரை லட்சம் என்ற அதே விலைக்கு 31,62,500 ரூபாய்தான் வரும். 33 லட்சம் கொடுத்தால் 1,37,500 ரூபாய் இல்லாத நிலத்துக்குப் போகும்.

டேப்பைத் தொங்கவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேடு பள்ளமான இடத்தில் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் இது பேரம் பேசுவதற்கான அளவுதான். அத்து எது என்பதை இது தீர்மானிக்காது. அதற்குப் புலப்படம் வேண்டும். eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் புலப்படம் கிடைக்கும். அதில் பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும், 3.28 ஆல் பெருக்கினால் அடி. பழைய படமாக இருந்து லிங்க்ஸில் இருந்தால் 0.66 ஆல் பெருக்க வேண்டும். எந்தப் பக்கம் டேப் அளவோடு ஒத்துப்போகவில்லையோ, அந்தப் பக்கத்து வரப்பில்தான் சிக்கல். வாசகிக்கு அது தன் சொந்த வரப்பாகவே இருக்கலாம் என்பதால், இதை இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

பத்திரத்தில் 32 என்று இருந்து, இடத்தில் 31.68 வருகிறதே என்றால், குறையும் 0.32 சென்ட் என்பது சுமார் 139 சதுர அடி. நான்கு எல்லையும் தெளிவாக எழுதப்பட்ட பத்திரத்தில் பரப்பும் எல்லையும் மாறுபட்டால், பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை. '32 சென்ட் எழுதியிருக்கிறது, மீதியை அடுத்த நிலத்தில் எடுத்துக்கொள்கிறேன்' என்று பிறகு கேட்க முடியாது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் தன் பட்டாவை வைத்து இ-சேவை மையம் வழியாக நில அளவைக்கு விண்ணப்பிக்கட்டும். ஒப்பந்தத்தில் '6 கிரவுண்ட், மொத்தம் 33 லட்சம்' என்று எழுத வேண்டாம். 'சர்வேயர் அளந்து காட்டும் பரப்புக்கு, சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய்' என்று எழுதச் சொல்லுங்கள். கிரவுண்ட் ஐந்தரை லட்சம் என்றால் சென்ட் 99,825 ரூபாய். கிரயப் பத்திரத்தில் சென்ட், சதுர அடி, ஏர் மூன்றையும் குறித்து, நான்கு பக்க நீளத்தோடு மூலைவிட்டத்தையும் சேர்த்து எழுதுவது பத்திர எழுத்தருக்கு ஒரு வரி வேலை.