கப் சொல்வதும் தராசு சொல்வதும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

நாம் உண்ணும் உணவில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் எத்தனை கிராம் என்று தினமும் குறித்து வைப்பதை 'மேக்ரோ கணக்கு' என்கிறார்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயாருக்குச் சர்க்கரை நோய். மருத்துவர் சொன்னபடி அவர் ஒரு நோட்டில் இக்கணக்கை எழுதி வருகிறார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுக்கிறார். நோட்டு பொய் சொன்னால் என்ன ஆகும்? இக்கேள்வியே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அந்த வீட்டில் இரவு உணவு சப்பாத்தி. 2 கப் கோதுமை மாவில் 10 சப்பாத்தி இடுவார்கள். அம்மா 3 சாப்பிடுவார். 1 கப் மாவு 120 கிராம் என்று அட்டவணையில் இருப்பதால், 3 சப்பாத்திக்கு 72 கிராம் மாவு, அதில் ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து என்று எழுதினார்.

எங்கள் மனையியல் வகுப்பில் 240 மில்லி கப் ஒன்றை எடுத்து, ஒரே டப்பாவிலிருந்து மாவை அளந்து பார்த்தோம். கரண்டியால் மெல்லப் போட்டுத் தலை தட்டியபோது 119 கிராம் இருந்தது. கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளித் தலை தட்டியபோது 141 கிராம். அள்ளிய கப்பை மேசையில் இரண்டு தட்டு தட்டி, மறுபடி நிரப்பியபோது 150 கிராம்! கப் ஒன்றே, மாவும் ஒன்றே. கப் அளப்பது இடத்தைத்தான். அந்த இடத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு மாவு என்பது அள்ளும் கையைப் பொறுத்தது.

தோழியின் தாயார் எப்போதும் அள்ளித் தட்டுபவர். ஆகவே 2 கப் என்பது 240 கிராம் அல்ல, 300 கிராம். அவர் பங்கு 90 கிராம் மாவு; மாவுச்சத்து 63 கிராம். எழுதியதைவிட 13 கிராம் அதிகம். மூன்று சப்பாத்தி என்று எழுதிவிட்டு மூன்றே முக்கால் சாப்பிட்டதற்கு இது சமம். ஒரு நாள் கூடி, மறு நாள் குறைந்தால் வாரக் கடைசியில் ஓரளவு சரியாகிவிடும். ஆனால் ஒரே கை ஒரே விதமாக அள்ளும்போது பிழை தினமும் ஒரே பக்கம் சாய்கிறது. அது ஈடாவதே இல்லை.

அதே மாவை டிஜிட்டல் தராசில் நிறுத்தால், 2 கிராம் தவறினாலும் அவர் பங்கில் வருவது 1 கிராம்கூட இல்லை. தராசின் மேல் ஐயம் இருந்தால் 13 பத்து ரூபாய் நாணயங்களை வைத்துப் பாருங்கள். ஒன்று சுமார் 7.7 கிராம் என்பதால் ஏறக்குறைய 100 காட்ட வேண்டும். மீண்டும் மீண்டும் 97 காட்டினால் பாட்டரியை மாற்றுங்கள். அப்போதும் அப்படியே என்றால் அந்தத் தராசை நம்ப வேண்டாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் தராசில் நிறுக்கலாமா? அதுவும் கூடாது என்பதே எங்கள் கருத்து. 1 டீஸ்பூன் எண்ணெய் நாலரை கிராம்தான். முழுக் கிராம் மட்டும் காட்டும் தராசுக்கு அது 4 ஆகவும் தோன்றலாம், 5 ஆகவும் தோன்றலாம். மேலும், சொட்டுச் சொட்டாக ஊற்றினால் சில தராசுகள் எண்ணை நகர்த்துவதே இல்லை. காலையில் அன்றைய எண்ணெயை ஒரு சிறு பாட்டிலில் ஊற்றி நிறுத்து, இரவில் மீண்டும் நிறுத்தால் போதும். 40 கிராம் குறைந்திருந்தால் 1 கிராம் பிழை பெரிதல்ல. பால், மோர் போன்றவற்றுக்குக் கப்பே போதும். அவற்றை யாராலும் அழுத்தி நிரப்ப முடியாது. ஆனால் உங்கள் கப் 240 மில்லியா, 250 மில்லியா, 200 மில்லியா என்று அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சரியான தராசும் தவறான வரியைத் திருத்தாது. 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம். அதே 150 கிராமைப் பச்சை அரிசியின் வரியில் தேடினால் 117 என்று வரும்! சோற்றின் எடையில் பெரும்பங்கு தண்ணீர் அல்லவா? மாவு தந்த பிழையைவிட இது பல மடங்கு பெரியது.

எனவே அன்னையரே, தோழியரே, தானியத்தையும் மாவையும் சமைக்குமுன் நிறுங்கள். எண்ணெயை நாள் முழுவதற்கும் சேர்த்து நிறுங்கள். புள்ளிக்குப் பின்வரும் எண்களுக்காக மனம் வருந்த வேண்டாம். எங்கள் தோழியின் தாயார் இப்போது நோட்டில் 'கப்' என்று எழுதுவதில்லை. 'கிராம்' என்றே எழுதுகிறார். பழைய பக்கங்களையும் அவர் கிழிக்கவில்லை. "இவை கப்பில் அளந்தவை" என்று சிவப்பு மையில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தார். அதுவே நேர்மையான கணக்கு என்று நாங்கள் எண்ணுகிறோம்.