ஆங்கிள் காக் கசியுதா? முதலில் டிஷ்யூ பேப்பர், அப்புறம்தான் ஸ்பேனர்!

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் வரும் வீடுகளில் எவர்சில்வர் பக்கெட்டைத் துடைக்காமல் விட்டால் போதும், இரண்டே நாளில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புதான் அது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். பக்கெட்டில் படிவதைத் தேய்த்து எடுத்துவிடலாம். அதே உப்பு வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கின் உள்ளேயும் படிகிறது. அதை யாரும் பார்ப்பதில்லை.

சேலையூரில் மூன்று மாடி அப்பார்ட்மென்ட், அதில் முதல் மாடி வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் மாமியார் மருமகளைக் கூப்பிடுகிறார். “பேசினுக்கு அடியில ஈரமாவே இருக்கு, பாரும்மா.” மருமகள் குனிந்து பார்க்கிறார். காக்கின் கைப்பிடிக்கு அடியிலிருந்து சொட்டு சொட்டாக விழுகிறது. கீழே ஒரு கப்பை வைத்துவிட்டு, காக்கை மூடலாம் என்று திருகுகிறார். அசையவில்லை. வீடு கட்டி முடித்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதே இல்லை!

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் போல வரும். அது பெரிய நஷ்டம் இல்லை. மூடாத காக்குதான் பயம். பேசினுக்குப் போகும் கனெக்‌ஷன் பைப் ஒரு நடு ராத்திரியில் வெடித்தால், தண்ணீரை நிறுத்த பக்கத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தக் காக்கு. அது இறுகிக் கிடந்தால், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் 1,000 லிட்டர் டேங்க் 100 நிமிடத்தில் வீட்டுக்குள் காலியாகும். அதனால் கசிவை நிறுத்துவதோடு, காக்கு மூடித் திறக்கும்படி செய்வதும் சேர்ந்ததுதான் இந்த ரிப்பேர்.

ஸ்பேனரை எடுக்கும் முன்பு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்ய வேண்டும். காக்கையும் அதன் மேலே போகும் பைப்பையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இடமாக ஒற்றிப் பாருங்கள். மேலே கனெக்‌ஷன் பைப்பின் நட்டில் கசிந்தால் அந்தத் தண்ணீரும் வழிந்து இறங்கி கைப்பிடியில்தான் சொட்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். டிஷ்யூ மேல் நட்டில் நனைந்தால் பைப்பின் வாஷர்தான் போயிருக்கிறது. சுவரை ஒட்டி நனைந்தால் அது சுவருக்குள் இருக்கும் மரையின் வேலை, பிளம்பரைக் கூப்பிடுங்கள். கைப்பிடியின் தண்டைச் சுற்றி மட்டும் நனைந்தால்தான் நம் விஷயம்.

காக்கு கொஞ்சமாவது திரும்பினால் இன்னொரு சோதனையும் செய்யலாம். அதை முழுக்க மூடிவிட்டு, மேலே பேசின் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். சுவரிலிருந்து வரும் தண்ணீர் காக்குக்குள் அடைப்பின் கீழ்ப் பக்கத்தோடு நின்றுவிடும். தண்டு இருப்பது அடைப்புக்கு மறு பக்கம். ஆகவே மூடியதும் சொட்டு நின்றால் தண்டின் சீல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. மூடிய பிறகும் பேசின் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் அடைப்பும் சேர்ந்து போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து, அது எந்த வகைக் காக்கு? கைப்பிடி எவ்வளவு சுற்றுகிறது என்பதே சொல்லிவிடும். மூன்று நாலு சுற்று சுற்றினால் பழைய வகை. உள்ளே பித்தளை ஸ்பிண்டில், நுனியில் ரப்பர் வாஷர், தண்டைச் சுற்றி நூல் மாதிரி ஒரு பேக்கிங் இருக்கும். கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ நின்றுவிட்டால் புது வகை, உள்ளே இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் திரும்பும். வாடகை வீடுகளில் பார்க்கிற வெள்ளை பிளாஸ்டிக் காக்கு என்றால் ரிப்பேரில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முழுசாக மாற்றுவதுதான் சரி.

எந்த வகையானாலும் உள் பாகத்தைக் கழற்றுவதற்கு முன்பு மேலே தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். மொட்டை மாடியில் டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கேட் வால்வு இருக்கும். அதே லைனில் மற்ற வீடுகளும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஷாம்பு நுரையோடு யாராவது நின்றால் சண்டைதான். வால்வை மூடிய பிறகு பேசின் குழாயைத் திறந்து வையுங்கள். தண்ணீர் மெலிந்து முழுக்க நிற்க வேண்டும். மெல்லிசாக வந்துகொண்டே இருந்தால் மேலே உள்ள வால்வு சரியாக மூடவில்லை. அந்த நிலையில் கழற்றக் கூடாது. கீசர் இருந்தால் அதன் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். பேசினுக்கு அடியில் இரண்டு காக்கு இருந்தால் ஒன்று வெந்நீருடையது. கீசர் காலியாகி ஹீட்டர் மட்டும் எரிந்தால் அது கருகிவிடும்.

நம் சேலையூர் வீட்டில் இருப்பது பழைய வகை என்று கொள்வோம். கைப்பிடியின் நடுவில் இருக்கும் சின்ன மூடியை நெம்பினால் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றி கைப்பிடியை இழுத்தால் தண்டும், அதைச் சுற்றி ஒரு சின்ன நட்டும், அதற்குப் பின்னால் ஒரு பெரிய நட்டும் இருக்கும். சின்னதுதான் கிளாண்ட் நட்டு. இறுகிய தண்டை பலமாகத் திருகுவதற்குப் பதிலாக இந்த நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். தண்டைப் பிடித்திருக்கும் பிடி விடும். கொஞ்சம் தண்ணீர் கசியலாம், பரவாயில்லை. வினிகரில் நனைத்த துணியைத் தண்டில் அரை மணி நேரம் சுற்றி வைத்தால் வெளியே இருக்கும் உப்பு இளகும். பிறகு முன்னும் பின்னுமாக நூலளவு நூலளவாக அசைத்தால் வழிக்கு வரும். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பித்தளையையும் முலாமையும் தின்றுவிடும்.

அசையத் தொடங்கியதும் கிளாண்ட் நட்டை மறுபடி முடுக்குங்கள். பழைய இடத்தைத் தாண்டி அரைக்கால் சுற்று போதும். பல வீடுகளில் சொட்டு இதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் நட்டை முழுக்கக் கழற்றி, உள்ளே கல்லாகிப் போன பழைய பேக்கிங்கை ஊசியால் தோண்டி எடுக்க வேண்டும். டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கி, நட்டு முடுகும் திசையிலேயே தண்டில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, உள்ளே தள்ளி, நட்டைப் போடுங்கள். கைப்பிடி சற்றே இறுக்கமாக, ஆனால் விரலால் திருப்பும்படி இருக்க வேண்டும். சொட்டு நிற்க வேண்டுமே என்று மேலும் மேலும் முடுக்கினால் மறுபடி ஜாம் ஆகி, பழைய கதையேதான்.

செராமிக் வகை என்றால் வேலை வேறு. அங்கே தண்டைச் சீல் செய்வது ஓ-ரிங், அது உள் பாகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். தண்டில் கசிந்தாலும், இறுகிப் போனாலும், அந்த உள் பாகத்தை அப்படியே மாற்றுவதுதான் சுலபம். கடையில் ஸ்பிண்டில் என்று கேட்டாலே கொடுப்பார்கள், கார்ட்ரிட்ஜ் என்றும் சொல்வதுண்டு. கைப்பிடியைக் கழற்றிய பிறகு தெரியும் ஆறு பட்டை நட்டை இடப் பக்கமாகத் திருகினால் அது முழுசாக வெளியே வரும்.

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கும். நட்டு இறுகியிருந்தால், ஸ்பேனரைத் திருகும்போது காக்கு முழுவதும் சேர்ந்து திரும்பும். அதன் மறுமுனை சுவருக்குள் பிளாஸ்டிக் பைப்பில் இருக்கிறது. அங்கே விரிசல் விட்டால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ஒரு கையில் ஸ்க்ரூ ஸ்பேனரால் காக்கின் உடம்பைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருகுங்கள். இரண்டு ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. முழுக் காக்கையும் மாற்றாமல் உள் பாகத்தை மட்டும் மாற்றச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: சுவர் மரையைத் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். “அண்ணே, இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மரையின் அளவு, நீளம், கைப்பிடி உட்காரும் பற்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பற்கள் ஒன்றிரண்டு மாறினாலும் கைப்பிடி ஏறாது, ஏறினாலும் வழுக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால் போட்டோவைக் காட்டி வாங்குவது வீண் வேலை.

புதியதைப் போடும் முன்பு காக்கின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். அடியில் ஒரு மணல் துகளோ உப்புத் துணுக்கோ இருந்தாலும் அதன் ரப்பர் சரியாக உட்காராது. ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவலாம். வண்டிக்குப் போடும் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும், தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். முதலில் கையாலேயே மரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் மெதுவாக முடுக்குங்கள்.

திரும்பத் தண்ணீர் விடும்போது பேசின் குழாயின் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து வைத்தபடி மாடி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்ந்து வரும் உப்பு முழுவதும் சல்லடையில் அடைத்துக்கொண்டு, “ரிப்பேர் பண்ணினதும் தண்ணியே வரலையே” என்று மாமியார் கேட்பார். தண்ணீர் தெளிந்ததும் குழாயை மூடுங்கள். தண்டு முழு அழுத்தத்தில் இருப்பது அப்போதுதான். டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், மறுநாள் காலையில் இன்னொரு முறையும். பழைய வகைக் காக்கை முழுசாகத் திறந்த நிலையிலேயே விட வேண்டாம், கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்துங்கள். இந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கேஸ் புக் பண்ணும் நாளிலோ கரன்ட் பில் கட்டும் நாளிலோ, எல்லாக் காக்கையும் ஒரு தடவை மூடித் திறந்தால் உப்பு இறுக நேரம் கிடைக்காது.