'எல்லாத்தையும் மாத்து' பட்டனும் வெள்ளத்துல போன வெள்ளியும்

மக்கா, இது கொஞ்சம் சூடான பதிவு. போன வாரம் பதிவர் நண்பர் ஒருத்தர் தன் பழைய இடுகைகளை "சுத்தம்" பண்ணியிருந்தார். போய்ப் பார்த்தா வெள்ளி, வெள்ளம், தெளிவு எல்லாத்துலயும் நடுவுல புள்ளி வட்டம். கேட்டா, "ஒரே ஒரு ரீப்ளேஸ் ஆல் தான் போட்டேன், ரீஜெக்ஸ் எல்லாம் உங்களை மாதிரி ஆணி புடுங்குறவங்களுக்கு"ன்னு நக்கல் வேற. இந்த மனநிலையைத்தான் திட்டப் போறேன்.

அவர் திருத்த நினைச்சது நியாயமான பிழை. 'கௌரவம்'னு எழுதும்போது ஔகாரக் குறி ஒரே எழுத்து, U+0BCC. நம்மாளுங்க பாதிப்பேர் 'ெ' போட்டு பக்கத்துல 'ள' அடிச்சு 'கெளரவம்' ஆக்கிடுறோம். பல எழுத்துருக்கள்ல கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா ஒண்ணைத் தேடினா இன்னொண்ணு கிடைக்காது. யூனிகோட் நார்மலைசேஷனும் இதைச் சரி பண்ணாது, ஏன்னா அதுக்கு 'ள' உண்மையான ளகரம்தான்.

அதனால 'ெள'வை எல்லாம் 'ௌ' ஆக்குன்னு சொல்லிட்டார். 'வெள்ளி'யிலும் 'தெளிவு'லயும் அதே ரெண்டு எழுத்து இருக்கே! அங்க ளகரத்துக்குச் சொந்தமான புள்ளியும் உயிர்க்குறியும் அநாதையா நின்னு, புள்ளி வட்டமாத் தெரியுது.

வித்தியாசம் அந்த ரெண்டு எழுத்துல இல்லைங்க, பக்கத்து வீட்டுல இருக்கு. ளகரத்துக்குப் பின்னாடி உயிர்க்குறியோ புள்ளியோ வந்தா அது நிஜ ளகரம். அதை எட்டிப் பார்க்கத்தான் லுக்அஹெட்:

```
\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])
```

அடைப்புக்குள்ள இருக்குறது அடுத்த எழுத்தைப் பார்க்கும், ஆனா எடுத்துக்காது. மாறுறது முன்னாடி இருக்கும் ரெண்டு எழுத்து மட்டும்தான். அதனால பக்கத்து எழுத்தைப் பிடிச்சு வச்சு திரும்ப ஒட்டுற வேலை கிடையாது. வரிக் கடைசியில பக்கத்து எழுத்தே இல்லைன்னாலும் வேலை செய்யும். மெளனம், பெளர்ணமி, செளகரியம் எல்லாம் திருந்தும். வெள்ளி பிழைச்சுக்கும்.

இத்தோட நிறுத்திட்டு காலரைத் தூக்கிவிடுறவங்களுக்கும் ஒரு குட்டு. நாம பேசுற மாதிரியே எழுதுற கூட்டமாச்சே! 'கெளம்பு', 'கெளப்பு', 'கெளறு', 'வெளங்குதா', 'வெளக்கு'. எல்லாத்துலயும் வெறும் ளகரம். மேல உள்ள வரி இவங்களையும் கௌம்ப வச்சுடும். 'வ'வுக்கு அடுத்து ஔகாரம் வர்ற வார்த்தை நமக்கு வௌவால் மாதிரி ஒண்ணு ரெண்டுதான். அதனால முன்னாடி எழுத்தையும் பார்க்கணும், அதுதான் லுக்பிஹைண்ட். பைத்தான்ல:

```
s = re.sub('(?<!வ)\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD]|ம்ப|ப்ப|ற)', '\u0BCC', s)
s = re.sub('(?<=வ)\u0BC6\u0BB3(?=வ)', '\u0BCC', s)
```

முதல் வரி: முன்னாடி 'வ' இருக்கக்கூடாது, பின்னாடி குறியோ, ம்ப, ப்ப, ற-வோ வரக்கூடாது. ரெண்டாவது வரி வௌவாலுக்கு மட்டும். ஒண்ணு கவனிங்க: பைத்தானோட re-ல லுக்பிஹைண்டுக்குள்ள நீளம் மாறாததுதான் போடலாம்; நட்சத்திரக் குறியெல்லாம் போட்டா திட்டும். பிரவுசர்ல ஓட்டுறவங்களுக்கு: சஃபாரியில லுக்பிஹைண்ட் 2023-ல் 16.4-லதான் வந்துச்சு. பழசுல அந்த ஸ்கிரிப்டே படுத்துடும்.

இதுவும் முழுசா வேதவாக்கு இல்லை. 'மெளகா'ன்னு எழுதுறவர் இருந்தா மாட்டுவார். அதனால மாத்துறதுக்கு முன்னாடி சிக்குற வார்த்தைகளை ஒரு தனிப் பட்டியலா எடுத்து, திரும்பத் திரும்ப வர்றதை ஒதுக்கிட்டு, கண்ணால ஒரு தடவை பாருங்க. பத்து நிமிஷ வேலை.

நண்பரோட சேதத்தைச் சரி பண்ணினதும் இதே எட்டிப்பார்க்குற வித்தைதான். 'ௌ'க்குப் பின்னாடி இன்னொரு குறி ஒழுங்கான தமிழ்ல வராது. வந்தா அது அவர் கைவண்ணம்:

```
s = re.sub('\u0BCC(?=[\u0BBE-\u0BCD])', '\u0BC6\u0BB3', s)
```

வெள்ளி, தெளிவு எல்லாம் திரும்பிடுச்சு. ஆனா அவரோட 'கௌம்பிட்டேன்' திரும்பலை. அங்க அடுத்த எழுத்துல எந்தத் தடயமும் இல்லையே! அவரே ஒவ்வொண்ணா கையால மாத்திக்கிட்டு இருக்கார். ஆணி யார் புடுங்குறாங்கன்னு இப்ப சொல்லுங்க :-)

டிஸ்கி: எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் பேக்கப் எடுத்துக்கோங்க. உங்க பக்கம் வேற எந்த வார்த்தை சிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, விதிவிலக்குல சேர்த்துடலாம்.